பீரோவின் விலை 20,000 ரூபாயா, 23,600 ரூபாயா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஜி.எஸ்.டி குறைப்பு பற்றிய உங்கள் கட்டுரையில், ஷாம்பூவுக்கும் பற்பசைக்கும் வரி 18 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டதால் விலை 13 சதவீதம் இறங்கியிருக்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில். 2025 செப்டம்பர் 22-க்குப் பிறகு எங்கள் கடைக்காரர்கள் பலர் வாடிக்கையாளரிடம் வாங்கிய திட்டு இந்த ஒரு கணக்கால் வந்ததுதான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஷாம்பூ பாட்டிலில் அச்சடித்திருக்கும் எம்.ஆர்.பி எல்லா வரிகளையும் சேர்த்த விலை. பழைய எம்.ஆர்.பி 236 ரூபாய் என்று வையுங்கள். அதில் பொருளின் விலை 200, அதன் மேல் 18 சதவீத வரி 36. வரி 5 சதவீதம் ஆனால் 200-க்கு 10 ரூபாய்தான் வரி, புதிய விலை 210. குறைந்தது 26 ரூபாய். 236-க்கு 26 என்பது 11 சதவீதத்தை ஒட்டித்தான் வரும். 236-இல் 13 சதவீதம் கழித்துப் பார்த்தவர்கள் 205 ரூபாய் சொச்சத்தை எதிர்பார்த்துக் கடைக்கு வந்தார்கள். 210 என்று ஸ்டிக்கரைக் கண்டதும் 'அரசு குறைத்ததைக் கடைக்காரன் அமுக்கிக்கொண்டான்' என்று கோபப்பட்டார்கள். அப்படி அமுக்கியவர்களும் இருக்கலாம், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் 210-க்கு விற்றவர் சரியாகத்தான் விற்றார்.

வரி விகிதம் எப்போதும் வரிக்கு முந்தைய விலையின் மேல் போடப்படுவது. வரி சேர்ந்த விலை கையில் இருந்தால் அதை 100-ஆக எடுக்கக் கூடாது, 118-ஆக எடுக்க வேண்டும். அந்த 118-இல் 18 பங்குதான் வரி. 5 சதவீதப் பொருள் என்றால் 105-இல் 5 பங்கு, அதாவது 21-இல் ஒன்று. வரி சேர்த்து 420 ரூபாய் கொடுத்தீர்களா, 21-ஆல் வகுத்தால் உள்ளே இருக்கும் வரி 20 ரூபாய் என்று வாயாலேயே சொல்லிவிடலாம்.

பொட்டலமாக வரும் பொருளுக்காவது எம்.ஆர்.பி என்ற ஒரே விலை இருக்கிறது, கடைக்காரர் அதற்கு மேல் ஜி.எஸ்.டி என்று தனியாகக் கேட்க முடியாது. பொட்டலமில்லாத சரக்கில்தான் குழப்பம் அதிகம். எனக்குத் தெரிந்த ஒரு கடையில் இரும்பு பீரோவின் மேல் 20,000 என்று சீட்டு தொங்கும். பில் போடும் இடத்துக்குப் போனால் 18 சதவீதம் சேர்த்து 23,600 ஆகிவிடும். சீட்டின் மூலையில் 'வரி தனி' என்று பொடி எழுத்தில் இருக்கும். மகள் கல்யாணத்துக்குச் சீர் வாங்க வந்த ஒருவர், 20,000 என்று நம்பிப் பணத்தை எண்ணி எடுத்துக்கொண்டு வந்தவர், மீதி 3,600-க்கு அங்கேயே நின்று சொந்தக்காரருக்குப் போன் போட்டார். பிறகு, 'எல்லாம் சேர்த்து 20,000-க்குத் தந்தால் எடுத்துக்கொள்கிறேன்' என்றார். கடைக்காரரும் சரி என்றார்.

இப்போது பில் எப்படிப் போடுவது? கடைப் பையன் 20,000-இல் 18 சதவீதம் 3,600 என்று கழித்து, பொருளின் விலை 16,400 என்று எழுதினான். தப்பு கண்டுபிடிப்பது சுலபம். வரியைக் கழித்து வந்த விலைக்கு மறுபடி வரி போட்டுப் பார்க்க வேண்டும். 16,400-க்கு 18 சதவீதம் 2,952, இரண்டையும் கூட்டினால் 19,352. 20,000 வரவில்லை, 648 ரூபாய் இடிக்கிறது. சரியான கணக்கு 20,000 × 18 ÷ 118. வரி 3,050 ரூபாய் 85 காசு, பொருளின் விலை 16,949 ரூபாய் 15 காசு.

வரியை மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் பாதிப் பாதியாகக் காட்டும்போது இன்னொரு தவறு நடக்கிறது. ஆளுக்கு 9 சதவீதம்தானே என்று 20,000-ஐ 9-ஆல் பெருக்கி 109-ஆல் வகுத்து, அதை இரண்டு தடவை எழுதுகிறார்கள். அப்படிச் செய்தால் மொத்த வரி 3,302 ரூபாய்க்கு மேல் போய்விடும். ஜி.எஸ்.டி விதிகளில் 35-ஆவது விதி இதைத் தெளிவாகவே சொல்கிறது: மேலே அந்தந்த வரியின் விகிதம், கீழே 100-உடன் எல்லா வரி விகிதங்களின் கூட்டுத்தொகை. ஆகவே 9-ஐ 118-ஆல்தான் வகுக்க வேண்டும், 109-ஆல் இல்லை. ஒவ்வொரு பங்கும் 1,525 ரூபாய் 42 காசு. பொருளின் விலையையும் இந்த இரண்டு பங்கையும் கூட்டினால் 19,999 ரூபாய் 99 காசு வரும். அந்த ஒரு காசுக்காகத்தான் பில்லின் கடைசியில் 'ரவுண்ட் ஆஃப்' என்று எழுதியிருக்கிறது. அதைப் பார்த்துச் சந்தேகப்பட வேண்டாம்.

ஓட்டல் பில்லுக்கும் இதே பார்வை உதவும். விலைப் பலகையில் வரி சேர்க்காத விலையைப் போட்டு, பில்லில் இரண்டரை இரண்டரையாக 5 சதவீதம் சேர்ப்பது பெரும்பாலான இடங்களில் வழக்கம். ஆனால் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தைத் தாங்களே வரியாகக் கட்டும் 'காம்பொசிஷன்' திட்டத்தில் பதிவு செய்த சிறு ஓட்டல்கள் வாடிக்கையாளரிடம் தனியாக வரி வாங்கவே கூடாது. அந்தத் திட்டத்தில் இருப்பதைக் கடையில் எழுதி வைக்க வேண்டும், பில்லிலும் குறிப்பிட வேண்டும். அப்படி எழுதியிருக்கும் இடத்தில் வரி என்று ஒரு ரூபாய் சேர்த்தாலும் கேள்வி கேளுங்கள்.

வரியைத் தனியாகக் காட்டும் விலைச் சீட்டில் எனக்குப் பெரிய மனக்குறை வேறு ஒன்று. 20,000 என்று சீட்டில் போட்டுவிட்டு, கடைசியில் 'பில் வேணுமா, வேண்டாமா?' என்று கேட்பார்கள். வேண்டாம் என்றால் 20,000, வேண்டும் என்றால் 23,600. வரி கட்டுவது ஏதோ பில் கேட்டவருக்குப் போடும் அபராதம் போல ஆகிவிடுகிறது. பில் இல்லாமல் எடுத்துப்போனவர் மூன்று மாதத்தில் பூட்டு கெட்டுப்போய்த் திரும்பி வந்தால், அந்தக் கடையில்தான் வாங்கினோம் என்று காட்டக்கூட ஒரு துண்டுக் காகிதம் இருக்காது. சீட்டிலேயே 23,600 என்று போட்டிருந்தால் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை.

மொத்த வியாபாரம் செய்பவர்கள் இதற்கு ஒரு மறுப்பு சொல்வார்கள். ஜி.எஸ்.டி பதிவு உள்ளவர் வாங்கினால் வரியை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்வார், அவருக்கு வரிக்கு முந்தைய விலைதான் முக்கியம் என்பார்கள். நியாயம்தான். அவர்களுக்கு விலைப்பட்டியலில் இரண்டையும் காட்டட்டும். ஆனால் வீட்டுக்கு வாங்கும் மனிதருக்கு வரி திரும்பி வராது. அவர் பார்க்கும் சீட்டில் அவர் கொடுக்கப்போகும் தொகைதான் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும், வரிப் பிரிவு பில்லில் இருந்தால் போதும். ஜப்பானில் 2021 ஏப்ரல் முதல் பொதுமக்களுக்கு விற்கும் கடைகள் வரி சேர்த்த விலையைக் காட்டியே ஆக வேண்டும் என்றாகிவிட்டது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் இது வெகு நாள் வழக்கம்.

அப்புறம், ஆசிரியரிடம் நேராக ஒரு வேண்டுகோள். உங்கள் பத்திரிகையில் மரச்சாமான்கள் விற்பனை, சமையலறை அலமாரி, பயிற்சி வகுப்புக் கட்டணம் என்று வரும் விளம்பரங்களில் நட்சத்திரக் குறி போட்டு 'ஜி.எஸ்.டி தனி' என்று அடியில் பொடியாக அச்சிடுகிறார்கள். வரி சேர்த்த மொத்தத் தொகையையும் அதே அளவு எழுத்தில் போட்டால்தான் விளம்பரத்தை ஏற்போம் என்று நீங்களே ஒரு விதி வைக்கலாம். விளம்பரப் பிரிவில் இதைப் பேசிப் பாருங்கள்.

இப்படிக்கு,
கடைக் கணக்கு எழுதும் ஒரு வாசகர்,
விருதுநகர்