பெயின்ட் டப்பாவை இப்போது திறக்காதே

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிவிட்டது. பேத்திக்குப் பல் முளைத்திருக்கிற செய்தியை இவரிடம் படித்துக் காட்டினேன். கையில் கிடைப்பதையெல்லாம் கடிக்கிறாள் என்று எழுதியிருந்தாயே, அதைப் பற்றிக் கடைசியில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும், மறந்துவிடுவேன், நீயே ஞாபகம் வைத்துக்கொள். இவருக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. மாடிப்படி ஏறும்போது மட்டும் சுவரைப் பிடித்துக்கொள்கிறார்.

சுவர் என்றதும் உன் கேள்விக்கு வருகிறேன். ஹாலில் ஜன்னலுக்குக் கீழே பெயின்ட் பொருக்குப் பொருக்காக உரிகிறது, பெயின்டர் வந்து பார்த்துவிட்டு, சுரண்டி எடுத்துவிட்டு வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் இரண்டு கோட்டிங் கொடுத்தால் சரியாகிவிடும் என்கிறார், செய்யச் சொல்லட்டுமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம்டி. மழை முடிந்து சுவர் காயும்வரை அங்கே எதையும் அடிக்க விடாதே. இரண்டு தடவை அடித்து இரண்டு தடவையும் ஏமாந்தவள் சொல்கிறேன்.

எங்கள் படுக்கையறையில் ஜன்னலின் இடது மூலைக்கு ஒரு சாண் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை வந்தது. முதல் வருடம் சுரண்டி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்தோம். புதுச் சுவர் மாதிரி இருந்தது. அடுத்த மழையில் அதே இடத்தில் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. விரலால் அழுத்தினால் சரசரவென்று உடைந்து, உள்ளேயிருந்து வெள்ளைப் பொடி கொட்டியது. இரண்டாம் வருடம் உன் பெயின்டர் சொல்கிற அதே வைத்தியம் செய்தோம். அது இரண்டு மாதம் தாங்கியது. அப்புறம் ஒரு நாள் காலையில் பார்த்தால் பெயின்ட் ஒரே தோலாகக் கழன்று தொங்குகிறது, அதன் முதுகில் பூச்சும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. போதாததற்கு, அதுவரை காய்ந்திருந்த வலது பக்கத்திலும் ஒரு அடி தள்ளிப் புதுக் கறை.

காரணம் அந்த வெள்ளைப் பொடிதான். செங்கல்லிலும் மணலிலும் சிமென்டிலும் கரையக்கூடிய உப்புகள் கொஞ்சம் இருக்கும். சுவருக்குள் இறங்குகிற தண்ணீர் அவற்றைக் கரைத்துக்கொண்டு அறைப் பக்கம் வருகிறது. தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், உப்பு தங்கிவிடும். பெயின்டுக்குப் பின்னால் தங்கிய உப்பு படிகமாக வளரும்போது பெயின்டை முட்டித் தள்ளுகிறது. உள்பக்கம் எவ்வளவு இறுக்கமாக அடைக்கிறோமோ அவ்வளவுக்கு ஈரம் உள்ளேயே தேங்கி வேறு வழி தேடும். பெயின்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. தண்ணீர் எந்த வழியாக உள்ளே வந்தது என்பதை நாங்கள் பார்க்கவே இல்லை.

மூன்றாவது வருடம்தான் புத்தி வந்தது. முதலில், ஈரம் சுவரிலிருந்து வருகிறதா, அறைக் காற்றிலிருந்து வந்து படிகிறதா என்று பார்த்தோம். கறை இருக்கிற இடத்தைத் துணியால் துடைத்துவிட்டு, ஒரு அடிக்கு ஒரு அடி அலுமினியத் தாளை வைத்து நாலு ஓரமும் டேப்பால் அடைத்து இரண்டு நாள் விட்டோம். தாளின் வெளிமுகத்தில் நீர்த்துளி நின்றால் அது அறைக் காற்றின் ஈரம், ஜன்னலைத் திறந்து வைத்தாலே பாதி தீரும். சுவர்ப் பக்கம் நின்றால் உள்ளேயிருந்து வருகிறது. எங்களுக்கு சுவர்ப் பக்கம்தான்.

அப்புறம் ஒரு பென்சில் வேலை. கறையின் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதினேன். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் வேறு கோடு. இவர் சிரித்தார், சுவரில் வரைபடம் போடுகிறாயா என்று. ஆனால் மூன்று வாரத்தில் அந்த வரைபடம் பேசியது. மழை நின்ற நாட்களில் கறை நகரவில்லை, அதனால் வீட்டுத் தண்ணீர்க் குழாயின் கசிவு இல்லை. குழாய் உடைந்திருந்தால் மழையைப் பார்த்தா கசியும்? தரையிலிருந்து ஏறுகிற ஈரமும் இல்லை. அது பெரும்பாலும் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்துக்குள், சுவர் நெடுக அலை மாதிரி ஒரு விளிம்போடு நிற்கும். இது மூலையில் மட்டும். அதிலும் ஒரு வேடிக்கை, நேராகக் கொட்டிய பெருமழையில் கோடு அசையவில்லை. ஜன்னலைப் பார்த்துக் காற்றடித்த சாரலில் நாலு மணி நேரத்துக்குள் இரண்டு விரல் அகலம் வளர்ந்துவிட்டது. அப்போதுதான் ஜன்னல் மேல் சந்தேகம் வந்தது.

நாலைந்து நாள் வெயில் கிடைத்ததும் ஹோஸ் எடுத்தோம். இதில் ஒரு சூட்சுமம், கீழேயிருந்து மேலே போக வேண்டும். மேலே ஆரம்பித்தால் தண்ணீர் எல்லாவற்றின் மேலும் வழிந்து, எது குற்றவாளி என்றே தெரியாது. பீய்ச்சி அடிக்கவும் கூடாது, மழை மாதிரி வழிய விட்டால் போதும். ஜன்னலுக்குக் கீழே வெளிச்சுவரில் அரை மணி நேரம் விட்டேன். உள்ளே இவர் டார்ச்சோடு நாற்காலியில். "ஒன்றுமில்லை" என்றார். பிறகு ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற கல் பலகையின் மேல் விட்டேன். இருபது நிமிடம்கூட ஆகவில்லை, "வருது, வருது!" என்று உள்ளேயிருந்து சத்தம். சன்ஷேடுவரை போகத் தேவையே இல்லாமல் போயிற்று.

பலகையைக் கிட்டே போய்ப் பார்த்தேன். பேரனுடைய கோலிக்குண்டு ஒன்றை அதன் மேல் வைத்தேன். வெளியே உருள வேண்டியது, மெதுவாக ஜன்னல் சட்டத்தை நோக்கி உருண்டு போய் முட்டி நின்றது. வாட்டம் உள்பக்கமாக இருக்கிறது! கல்லுக்கும் சட்டத்துக்கும் நடுவே நூல் நுழைகிற அளவுக்கு ஒரு இடைவெளி. பலகையின் அடியில் தடவினால் காடி, அதாவது நெடுகக் கீறிய பள்ளம், இல்லை, வழவழவென்று இருந்தது. காடி இல்லாவிட்டால் ஓரத்தில் வழிகிற தண்ணீர் சொட்டி விழாமல் அடிப்பக்கத்தைப் பற்றிக்கொண்டே திரும்பி சுவருக்கு வந்துவிடும். இப்படித் தண்ணீருக்கு இரண்டு வழி திறந்து வைத்துவிட்டு உள்ளே பெயின்ட் அடித்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

கொத்தனார் ஒரே நாளில் முடித்தார். பழைய பலகையைப் பெயர்த்து, பத்து சென்டிமீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் இறங்குகிற மாதிரி வெளிப்பக்கம் வாட்டம் கொடுத்து, சுவரைத் தாண்டி ஐந்து சென்டிமீட்டர் நீட்டி வைத்தார். அடியில், வெளி ஓரத்திலிருந்து இரண்டு சென்டிமீட்டர் உள்ளே தள்ளி, கட்டரால் ஒரு காடி. சட்டத்துக்கும் கல்லுக்கும் நடுவே சிமென்ட் அப்பப் போனார், நான்தான் தடுத்தேன். வெயிலிலும் குளிரிலும் சட்டம் ஒரு அளவு விரியும், கல் வேறொரு அளவு விரியும். சிமென்ட் அதற்கு வளைந்து கொடுக்காமல் மறுபடி விரிசல் விடும். ரப்பர் மாதிரி இழுபடுகிற சீலன்ட் வைத்தோம்.

தண்ணீர் வழி அடைபட்டது, ஆனால் உள்ளே குடித்த தண்ணீர் அப்படியே இருந்தது. இங்கேதான் பொறுமை வேண்டும். கறையின் ஓரத்திலிருந்து ஒரு அடி தள்ளிவரைக்கும் பூச்சைக் கொத்தி எடுத்து, செங்கல் தெரிய விட்டோம். சுவர் ஒரு அங்குல கனம் காய ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும் என்பது கட்டட வேலைக்காரர்களின் கணக்கு. எங்களது ஒன்பது அங்குலச் சுவர். இரு பக்கமும் காய்ந்தது, ஃபேனும் போட்டோம், அப்படியும் ஐந்து மாதம் ஆனது. வருகிறவர்கள் எல்லாம் வீடு இடிகிறதா என்று கேட்டார்கள். அந்த ஐந்து மாதமும் செங்கல்லில் உப்பு பூத்துக்கொண்டே இருந்தது. காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, கீழே தாள் விரித்துச் சேகரித்துத் தூக்கிப் போட்டேன். ஈரத்துணியால் துடைத்துவிடாதே, உப்பு மறுபடி கரைந்து உள்ளே போய்விடும்.

உப்பு பூப்பது நின்று, அலுமினியத் தாள் சோதனையிலும் இரண்டு பக்கமும் காய்ந்திருந்த பிறகுதான் பூச்சு. சிமென்ட் ஒன்றுக்கு மணல் நாலு என்று கலவை, ஏழு நாள் தண்ணீர் காட்டினோம், அப்புறம் 28 நாள் சும்மா விட்டோம். புதுச் சிமென்டில் காரம் அதிகம், அவசரப்பட்டால் அதுவே பெயின்டைத் தின்னும். பிறகு காரத்தைத் தாங்குகிற பிரைமர், பளபளப்பில்லாத சாதாரண எமல்ஷன். ஆயில் பெயின்ட் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மிச்சம் மீதி ஈரம் வெளியேற வழி இருக்கட்டும்.

உன் வீட்டிலும் பலகைதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. விரிசலாக இருக்கலாம், மழைநீர்க் குழாயின் இணைப்பாக இருக்கலாம். பென்சிலும் ஹோஸும் சொல்லட்டும். இப்போதைக்கு சோபாவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடு. கறைக்குப் பக்கத்தில் சுவிட்ச் போர்டு இருக்கிறதா? இருந்தால் அந்த லைனை மெயினிலேயே அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடு, அதில் மட்டும் தள்ளிப்போடாதே.

இப்போது பேத்தி விஷயம். உங்கள் வீடு மாமனார் காலத்து வீடு. அந்தக் காலப் பெயின்டில் ஈயம் இருந்திருக்க வாய்ப்பு அதிகம், மேலே எத்தனை கோட்டிங் அடித்திருந்தாலும் அடியில் அது இருக்கும். உரிந்து விழுகிற பொருக்கை அவள் வாயில் போட்டுவிடக் கூடாது. அந்த மூலைக்கு அவளை விடாதே. தினமும் தரையை ஈரத்துணியால் துடை. துடைப்பத்தால் பெருக்கினால் தூள் பறக்கும். சுவரை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவும் விடாதே. தொங்குகிறதை மட்டும் தண்ணீர் தெளித்து நனைத்துச் சுரண்டி எடுங்கள், கீழே பழைய பிளாஸ்டிக் ஷீட் விரித்து, சுரண்டுகிறவர் முகக்கவசம் போட்டுக்கொண்டு. அவளை அன்றைக்குப் பக்கத்து வீட்டில் விட்டுவிடு.

அடுத்த சாரலுக்கு முன்னால் பென்சில் கோடு போட்டுவிடு. கறை எந்த உயரத்தில் இருக்கிறது, எந்தப் பக்கக் காற்றில் வளர்கிறது என்று எழுது. ஜன்னலுக்கு வெளியே பலகையின் அடியையும் ஒரு தரம் தடவிப் பார்த்துவிட்டு எழுதினால் இன்னும் நல்லது.

அன்புடன்,
கமலா