பால் பாயசம் அடிப்பிடிக்காமல் இருக்க

அன்புள்ள மகனுக்கு,

பாயசத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும், ஏன் அடிப்பிடிக்கிறது என்று கேட்டிருந்தாய். ஒரு லிட்டர் கொழுப்புள்ள பால், 50 கிராம் பச்சரிசி, 120 கிராம் சர்க்கரை என்று வைத்துச் சொல்கிறேன். அடுப்பில் ஏற்றியதிலிருந்து இறக்கும் வரை ஒரு மணி நேரம் ஆகும். அதை அரை மணியில் முடிக்கத் தீயைக் கூட்டினால்தான் அடிப்பிடிக்கும்.

பாலில் இருக்கும் புரதம் சூடு ஏறியதும் திரண்டு, பாத்திரத்தின் அடியில் மெல்லிய படலமாக ஒட்டும். அந்தப் படலம் அசையாமல் கிடந்தால் அதன் மேலேயே சூடு ஏறி முதலில் பழுப்பாகும், பிறகு கருகும். அரிசியிலிருந்து இறங்கும் மாவும் அங்கேதான் போய்ப் படியும். ஆகவே படலம் தடிக்க விடாமல் அவ்வப்போது வழித்துக்கொண்டே இருக்க வேண்டும். மேலாகக் கிண்டினால் பயனில்லை. குழிக்கரண்டியின் வளைந்த அடி பாத்திரத்தை ஓரிடத்தில்தான் தொடும். தோசைத் திருப்பி போல நுனி தட்டையான மரக்கரண்டி எடுத்துக்கொள். நடுவில் ஒரு கோடு இழுத்து, பிறகு அடியும் சுவரும் சேரும் விளிம்பைச் சுற்றி வா. அந்த விளிம்பைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

பாத்திரம் அடிகனமாக, அகலமாக இருக்கட்டும். மெல்லிய பாத்திரத்தில் தீ படும் இடம் மட்டும் கொதிக்கும், மற்ற இடம் பின்தங்கும். அகலமாக இருந்தால் பால் சீக்கிரம் வற்றும். பால் ஊற்றும் முன் இரண்டு மூன்று கரண்டி தண்ணீர் விட்டு அடியை நனைப்பார்கள். நல்ல பழக்கம்தான், ஆனால் அது முதல் கொதி வரும் வரைதான் உதவும். தண்ணீர் பாலோடு கலந்த பிறகு கரண்டிதான் காவல்.

அரிசியைக் கழுவி இருபது நிமிடம் ஊறவைத்து வடித்துக்கொள். பாலை நடுத்தர தீயில் வை. பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் பொங்கி வரும். உடனே தீயைக் குறைத்து அரிசியைப் போடு. மின்சுருள் அடுப்பாக இருந்தால் குமிழைத் திருப்பிய பிறகும் சூடு தங்கும், பாத்திரத்தையே ஓரிரு நிமிடம் நகர்த்தி வை. அரிசி போட்ட முதல் ஐந்து நிமிடம் கையை எடுக்காதே. பச்சை அரிசி நேராக அடிக்குப் போய் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை வழித்தால் போதும். விளிம்பில் சிறு குமிழிகள் வரவேண்டும், நடுவில் தளதளவென்று கொதிக்கக் கூடாது. பக்கங்களில் ஒட்டும் ஆடையையும் வழித்து உள்ளே தள்ளு, சுவை அதில்தான் இருக்கிறது.

அரிசி வேக இருபத்தைந்து நிமிடம் ஆகும். ஒரு பருக்கையை விரலால் அழுத்தினால் நடுவில் கட்டியே இல்லாமல் மசிய வேண்டும். அதற்கு முன் சர்க்கரை போடாதே. சர்க்கரை சேர்ந்த பாலில் அரிசி மேற்கொண்டு வேகத் திணறும், அடியும் சீக்கிரம் பழுக்கும். வெந்த பிறகும் பத்துப் பதினைந்து நிமிடம் வற்ற விடு. எவ்வளவு வற்றியது என்று கண்ணால் மதிப்பிடுவது கடினம். தொடக்கத்திலேயே கரண்டியைச் செங்குத்தாக நிறுத்திப் பால் எட்டிய இடத்தைப் பார்த்து வைத்துக்கொள். அந்த உயரத்தில் மூன்றில் இரண்டு பங்காக இறங்கினால் சர்க்கரை சேர்.

சர்க்கரை போட்டதும் பாயசம் நீர்த்துப்போகும், பயப்படாதே. இன்னும் எட்டுப் பத்து நிமிடம் வை. இந்தக் கடைசிக் கட்டம்தான் மிகவும் ஆபத்தானது. கெட்டியாகிவிட்ட பால் மேலும் கீழும் தானாகப் புரளாது, சூடு அடியிலேயே தங்கிவிடும். இப்போது நிறுத்தாமல் வழி. கரண்டி வழுக்கிக்கொண்டு போகாமல் ஓரிடத்தில் இழுத்தால் படலம் தடிக்கிறது என்று பொருள். உடனே அடுப்பை அணைத்து இரண்டு நிமிடம் விடு. வெள்ளையாக இருக்கும் வரை மெதுவாக வழித்துக் கரைத்துவிடலாம்.

கரண்டி நுனியில் பழுப்புத் துகள் வந்தாலோ, தீய்ந்த வாசனை அடித்தாலோ வழிப்பதை அந்த நொடியே நிறுத்து. சுரண்டினால்தான் கருகல் முழுவதும் கலக்கும். பாத்திரத்தை அசைக்காமல் மேலாக உள்ளதை வேறு பாத்திரத்தில் ஊற்றி, அடியில் ஒரு விரல் உயரத்தை விட்டுவிடு. ஊற்றியதை ருசித்துப் பார். வாசனை ஏறியிருந்தால் ஏலக்காயோ முந்திரியோ அதை மறைக்காது, அதில் மேலும் சர்க்கரையைக் கொட்டி வீணாக்காதே.

சர்க்கரைக்குப் பதில் வெல்லம் என்றால் பாகாக்கி வடிகட்டி ஆறவிட்டு, பாயசத்தையும் அடுப்பிலிருந்து இறக்கிச் சூடு தணிந்த பிறகே கல. கொதிக்கும் பாலில் வெல்லம் விழுந்தால் பெரும்பாலும் திரிந்துவிடும்.

கரண்டியிலிருந்து தடையின்றி ஒழுகும் பதத்திலேயே இறக்கிவிடு, ஆறினால் இன்னும் இறுகும். மறுநாள் களியாகிவிட்டால் காய்ச்சிய சூடான பாலை அரை டம்ளர் ஊற்றிக் கலந்து இளக்கிக்கொள்; அப்படியே அடுப்பில் வைத்துச் சூடு செய்யாதே, நிச்சயம் அடிப்பிடிக்கும்.

அன்புடன்,
அம்மா