28,000 ரூபாய் பல்

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்கு நடை வந்துவிட்டதா, சந்தோஷம். இங்கே அண்ணா நகரில் மழை விட்டபாடில்லை. கிளினிக் வாசலில் தண்ணீர், ஆனாலும் கூட்டத்துக்குக் குறைவில்லை. பில் மேசையில் என் வேலை அப்படியேதான் ஓடுகிறது.

உன் கடைவாய்ப் பல் போன இடத்தில் புதுப் பல் வைக்க எவ்வளவு ஆகும் என்று தாம்பரம் பல் கிளினிக்கில் எழுதித் தந்ததாக நீ அனுப்பிய சீட்டைப் பார்த்தேன். ‘இம்பிளாண்ட் ஒன்று – 28,000’ என்று ஒரே வரி, கீழே ஒரு கிறுக்கல் கையெழுத்து. இதை வைத்துக்கொண்டு சரி என்று சொல்லிவிடாதே. இம்பிளாண்ட் என்று பொதுவாகச் சொல்வது தாடை எலும்புக்குள் முடுக்கும் டைட்டானியம் ஸ்க்ரூவை மட்டும்தான். அதன் மேல் அபட்மென்ட் என்று ஓர் இணைப்புத் துண்டு, அதற்கும் மேலே நீ மெல்லப்போகும் கேப். மூன்றும் சேர்ந்தால்தான் பல். எங்கள் கிளினிக் கணக்கில் சொல்கிறேன்: தாடை எலும்பைப் பார்க்கும் சிபிசிடி ஸ்கேன் 2,000, ஸ்க்ரூ 28,000, அபட்மென்ட் 6,000, ஜிர்கோனியா கேப் 12,000. ஆக 48,000. உன் சீட்டில் இருப்பது இதில் எவ்வளவு என்று கேட்டு, ஒவ்வொன்றையும் தனி வரியாக எழுதி வாங்கு.

இன்னொன்று. உன் கடைவாய்ப் பல்லை எடுத்து ரொம்ப நாளாகிறதே. பல் போன இடத்தில் எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து ஒல்லியாகிவிடும். போதவில்லை என்றால் எலும்புத்தூள் வைக்க வேண்டிவரும், எங்களிடம் அதற்கு இன்னொரு 8,000. இதை ஸ்கேன் பார்த்த பிறகுதான் சொல்ல முடியும். ஸ்கேனுக்கு முன்னால் யார் சொல்லும் மொத்தத் தொகையும் உத்தேசம்தான். அதனால் முதலில் ஸ்கேன் எடு, பிறகு விலை பேசு.

இப்போது தவணைக்கு வருகிறேன். ‘மாசம் 4,000, பன்னிரண்டு மாசம், வட்டியே இல்லை’ என்று கிரெடிட் கார்டில் போட்டுக்கொள்ளச் சொல்வார்கள். வட்டி இல்லாமல் எந்த வங்கி கடன் கொடுக்கும்? வருடத்துக்கு 15 சதவீதம் என்றால், அந்த 48,000-க்குள் வட்டி கிட்டத்தட்ட 3,680 ஒளிந்திருக்கும். அதைக் கிளினிக் தள்ளுபடியாக ஏற்றுக்கொள்கிறது. ஆனால் அந்த வட்டிக்கான 18 சதவீத ஜிஎஸ்டி, ஏறக்குறைய 660 ரூபாய், உன் கார்டு பில்லில்தான் மாதாமாதம் வரும். பிராசசிங் கட்டணம் 199 என்றால் அதற்கும் ஜிஎஸ்டி. எல்லாம் சேர்ந்து சுமார் 900. பெரிய தொகை இல்லை, ஆனால் ‘இலவசம்’ என்று சொல்லிவிட்டு வருவதால்தான் எரிச்சல். கிளினிக்கிடம் இப்படிக் கேள்: “மொத்தமா கட்டினா அந்த வட்டித் தொகையை எனக்குக் குறைப்பீங்களா?” கேட்டவர்களுக்கு நாங்களே குறைத்திருக்கிறோம்.

கார்டு இல்லாமல் பைனான்ஸ் கம்பெனி மூலம் என்றால், கையெழுத்துக்கு முன்பு ‘கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்’ கேட்டு வாங்கு. ரிசர்வ் வங்கி 2024 அக்டோபரிலிருந்து சில்லறைக் கடன்களுக்கு இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. கட்டணங்களையும் சேர்த்த வருட வட்டி அதில் ஒரே எண்ணாக இருக்கும். அந்தத் தாளில் இல்லாத கட்டணத்தை உன் சம்மதமில்லாமல் பின்னால் வசூலிக்கக் கூடாது.

ஆனால் எனக்குக் கடனே பிடிக்கவில்லை, அதற்குக் காரணம் வட்டி மட்டுமல்ல. கடன் போட்டதுமே பணம் கிளினிக்குக்குப் போய்விடுகிறது. கேப் வருவதோ அதற்கு மூன்று நான்கு மாதம் கழித்து. கீழ்த்தாடையில் ஸ்க்ரூவை எலும்பு கவ்விப் பிடிக்கவே அவ்வளவு நாளாகும். சில சமயம் பிடிக்காது. தொட்டால் ஆடும், கழற்றித்தான் ஆக வேண்டும். அப்போதும் தவணை நிற்காது. வங்கிக்கு உன் பல்லைப் பற்றி என்ன கவலை?

சிகிச்சையே இடைவெளி விட்டு நடப்பதால், பணத்தையும் அதன்படி பிரித்துக் கொடு. ஸ்கேனுக்கு 2,000, ஸ்க்ரூ வைக்கும் நாளில் 28,000. மீதி 18,000-ஐ, ஸ்க்ரூவை எலும்பு பிடிக்கக் காத்திருக்கும் மூன்று மாதத்தில் மாசம் 6,000 என்று ஒதுக்கி வைத்து, கேப்புக்கு அளவெடுக்கும்போது கொடு. முதல் 28,000 கையில் இல்லை என்றால் அதற்கு மட்டும் தவணை போடு. பல் வரிசையைச் சரிசெய்யக் கம்பி போட்டுக்கொள்பவர்கள் காலம்காலமாக இப்படித்தான், ஒவ்வொரு தடவை முறுக்க வரும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுகிறார்கள்.

ஸ்க்ரூ பிடிக்காமல் போனால் மறுபடி வைக்க யார் செலவு என்பதையும் எழுதிக் கேள். கம்பெனி வாரண்டி என்றால் பெரும்பாலும் புது ஸ்க்ரூ மட்டும் தருவார்கள். டாக்டர் ஃபீஸ் தனி. எங்கள் டாக்டர் அதை வாங்குவதில்லை, எல்லாரும் அப்படி இல்லை.

கோட்டை ஸ்டேஷன் பக்கம் அரசு பல் மருத்துவக் கல்லூரியிலும் ஒரு நாள் காட்டிவிட்டு வா. காலையிலேயே போய் வரிசையில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். புதுச் சீட்டு கிடைத்ததும் போட்டோ எடுத்து அனுப்பு. வியாழன் எனக்கு லீவு, அன்றைக்கே பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
மீனா