செம்புக் குடம் ஃபுளோரைடை எடுக்காது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். செம்பு, பித்தளைப் பாத்திரங்களில் தண்ணீர் வைத்துக் குடிப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த குறிப்பைப் படித்தேன். "செம்புக் குடத்தில் இரவு முழுக்க வைத்தால் எந்தத் தண்ணீரும் சுத்தமாகிவிடும்" என்று அதில் ஒரு வரி இருக்கிறது. பாலக்கோடு பக்கம் அரசுப் பள்ளியில் வேதியியல் நடத்துகிறவள் நான். அந்த ஒரு வரி எங்கள் மாவட்டத்தில் எத்தனை வீடுகளைத் தவறான பக்கம் திருப்பும் என்று நினைத்ததால்தான் இதை எழுதுகிறேன்.

செம்பு கிருமியைக் கொல்லும் என்பது உண்மைதான். பெங்களூரில் ஆயுர்வேத ஆய்வு நிறுவனம் ஒன்று இதைச் சோதித்து 2012-ல் வெளியிட்டிருக்கிறது. காலரா, டைபாய்டு, சீதபேதி உண்டாக்கும் பாக்டீரியாக்களைத் தண்ணீரில் கலந்து செம்புப் பானையில் 16 மணி நேரம் வைத்தார்கள். பிறகு வளர்த்துப் பார்த்தபோது ஒன்றும் முளைக்கவில்லை. கவனிக்க வேண்டியது அந்த 16 மணி நேரம். ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் ஊற்றி விடிகாலை மொண்டு குடித்தால் அதில் பாதி நேரம்தான் ஆகிறது. காலையில் நிரப்பிய பாட்டிலை மதியம் பள்ளியில் குடிக்கும் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. பித்தளையும் கிருமியைக் கொல்லும், ஆனால் அதற்கு இன்னும் அதிக நேரம் வேண்டும். செம்போடு தண்ணீர் நேராகப் படவும் வேண்டும். எங்கள் போர் தண்ணீரின் உப்பு குடத்தின் உள்பக்கம் வெள்ளையாகப் படிந்துவிட்டால் செம்பு அதன் அடியில் மூடிக் கிடக்கும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பெரிய தொல்லை கிருமி அல்ல, ஃபுளோரைடு. பாறையிலிருந்து கரைந்து போர் தண்ணீரில் வருகிறது. நிறமில்லை, மணமில்லை. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய தண்ணீரைச் சின்ன வயதிலிருந்து குடித்தால் பல்லில் மஞ்சளும் பழுப்புமாகக் கோடு விழும். அதைவிட மிக அதிகமான தண்ணீரைப் பல வருடம் குடித்தவர்களுக்கு முதுகும் முட்டியும் இறுகிப்போகும். இதற்காகத்தான் 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது.

என் மாணவி ஒருத்தியின் வீட்டில் ஒகேனக்கல் தண்ணீர் வருகிறது. ஆனாலும் அவளுடைய அம்மாயி, வீட்டுப் போர் தண்ணீரைத்தான் செம்புக் குடத்தில் ஊற்றிப் பேத்திக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். "செம்புல ஊத்தி வெச்சா எல்லாம் தெளிஞ்சிரும், டீச்சர். குழாய்த் தண்ணியில மருந்து வாடை அடிக்குது" என்றார். அந்தக் குடத்துத் தண்ணீரையே வகுப்புக்குக் கொண்டுவரச் சொன்னேன். ஊற்றும் முன் எடுத்தது ஒரு பாட்டில், மறுநாள் காலை குடத்திலிருந்து எடுத்தது ஒரு பாட்டில். ஃபுளோரைடு சோதனைக்குப் பயன்படும் சிவப்பு மருந்தை இரண்டிலும் விட்டோம். ஃபுளோரைடு கூடக் கூட அந்தச் சிவப்பு வெளிறி மஞ்சளாகும். இரண்டு சோதனைக் குழாயிலும் ஒரே மஞ்சள். நிற அட்டையோடு ஒப்பிட்டால் இரண்டுமே வரம்புக்கு மேல். செம்பு ஃபுளோரைடைப் பிடித்து வைக்காது. கொதிக்க வைத்தாலும் போகாது, தண்ணீர் ஆவியாவதால் அளவு இன்னும் கூடத்தான் செய்யும். அம்மாயி குறை சொன்ன "மருந்து வாடை" குளோரின். காற்றுப்பட வைத்திருந்தால் அது தானே அடங்கிவிடும்.

இனி, குடத்திலிருந்து தண்ணீரில் இறங்குவது. வெறும் தண்ணீர் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. அந்தப் பெங்களூர் சோதனையில் 16 மணி நேரத்தில் லிட்டருக்கு 0.18 மில்லிகிராம் அளவில்தான் செம்பு இறங்கியிருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு 2 மில்லிகிராம். புளிப்பு சேர்ந்தால்தான் கதை மாறும். பிள்ளைகளை விட்டு இரண்டு செம்புச் சொம்பில் தண்ணீர் வைத்தேன். ஒன்றில் மட்டும் ஒரு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தோம். மறுநாள் இரண்டிலிருந்தும் கொஞ்சம் எடுத்து, பிளஸ் டூ உப்புப் பகுப்பாய்வில் செம்புக்குப் பயன்படுத்தும் பொட்டாசியம் ஃபெரோசயனைடு கரைசலை விட்டோம். வெறும் தண்ணீரில் மாற்றமே இல்லை. எலுமிச்சை ஊற்றியது செம்பழுப்பாகக் கலங்கியது. மோர், புளித்தண்ணீர், எலுமிச்சைச் சாறு எதையும் செம்பில் வைக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னதற்குக் காரணம் இதுதான். இப்படி இறங்கிய செம்பு உள்ளே போனால் முதலில் குமட்டும், வாந்தி வரும். குடத்தைப் புளி போட்டுத் தேய்த்தாலும், கழுத்து மடிப்பில் புளி நிற்காமல் நன்றாக அலசிவிட்டுத்தான் தண்ணீர் பிடிக்க வேண்டும். கேன் தண்ணீரை ஊற்றுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஆர்.ஓ. செய்த தண்ணீரில் உப்பு குறைவு, லேசான அமிலத் தன்மையும் இருக்கும். அதனால் போர் தண்ணீரைவிட அது செம்பை எளிதாகக் கரைக்கும். நாள் கணக்கில் அதைக் குடத்தில் போட்டு வைக்க வேண்டாம்.

கைக்குழந்தைக்கான பால் விஷயத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும். நம் நாட்டில் சின்னக் குழந்தைகளுக்கு ஈரல் சுருங்கிப்போகும் நோய் ஒன்று முன்பு இருந்தது. பித்தளை, செம்புப் பாத்திரத்தில் காய்ச்சி வைத்த பாலைக் குடித்த குழந்தைகளுக்கு அது வருவதைப் புனே மருத்துவர்கள் கவனித்து 1983-ல் எழுதினார்கள். பாத்திரம் மாறிய பிறகு அந்த நோய் ஏறக்குறைய மறைந்தேவிட்டது. தண்ணீர் வைத்த அதே பித்தளைச் சொம்பில் பாலைக் காய்ச்சி ஊற்றும் வீடுகளை நான் இன்னும் பார்க்கிறேன்.

பித்தளையில் செம்போடு துத்தநாகமும் இருக்கிறது. தண்ணீரில் இறங்கும் அளவுக்குத் துத்தநாகம் கெடுதல் இல்லை. கவலைப்பட வேண்டியது காரீயம். பழைய உலோகத்தை உருக்கி வார்த்த பித்தளையில் அது கலந்திருக்கலாம். ஓட்டை அடைக்கப் பற்று வைத்த இடத்திலும் இருக்கும். குழாய் செய்யும் பித்தளையில், கடைசல் பிடிக்க வசதியாக வேண்டுமென்றே சேர்ப்பார்கள். எனவே செம்பு டிஸ்பென்சரின் அடியில் பித்தளைக் குழாய் இருந்தால், ராத்திரி முழுக்க அதற்குள் நின்ற முதல் அரை டம்ளரைச் செடிக்கு ஊற்றிவிடுங்கள். ஈயம் பூசிய பாத்திரத்தில் தண்ணீர் செம்பைத் தொடுவதே இல்லை, அதில் கிருமி சாகும் என்று எதிர்பார்க்க முடியாது. பூச்சு சுத்தமான வெள்ளீயமாக இருந்தால் ஆபத்தில்லை. காரீயம் கலந்ததென்றால் அதில் குடிக்கவே கூடாது. கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாததால், யார் பூசியது என்று தெரியாத பழைய பாத்திரத்தைக் குடிதண்ணீருக்கு வைக்காமல் இருப்பதே நல்லது.

ஆகவே, அடுத்த இதழில் ஒரு திருத்தம் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். செம்புக் குடம் ஃபுளோரைடை எடுக்காது என்பதைக் கட்டம் கட்டிப் போடுங்கள். வீட்டுப் போர் தண்ணீரைக் குடிக்கிறவர்கள் அதைத் தருமபுரியில் உள்ள குடிநீர் வடிகால் வாரியப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பார்க்கலாம் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். செம்பில் வைத்துத்தான் குடிப்போம் என்கிறவர்கள் ஒகேனக்கல் தண்ணீரை அதில் ஊற்றி வைக்கட்டும்.

இப்படிக்கு,
வேதியியல் ஆசிரியை,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்