அண்ணாவுக்கு, நான்காம் இடத்துக் கேதுவைப் பற்றி

அன்புள்ள அண்ணாவுக்கு,

வீட்டை விற்பதற்குச் சம்மதம் என்று தரகரிடம் சொல்லிவிட்டேன். உன் கேது தசை ஐப்பசிக் கடைசியில் முடியட்டும், அதன் பிறகு எதையும் பேசலாம் என்று அம்மாவிடம் சொல்லித்தான் இத்தனை நாள் தள்ளிக்கொண்டு வந்தேன். தசை முடிந்துவிட்டது. இனிமேல் தள்ளிப்போடுவதற்கு என்னிடம் காரணம் இல்லை.

இதைத் தனியாக உனக்கே எழுதியிருக்கலாம். ஆனால் நம் உறவில் பாதிப் பேர் உன்னைப் பற்றி ஊரெல்லாம் பேசிவிட்டார்கள். "கேது பிடித்துக்கொண்டது, பாவம்" என்பதுதான் அவர்களுடைய தீர்ப்பு. "ராகுவைப் போல் கொடுப்பாரும் இல்லை, கேதுவைப் போல் கெடுப்பாரும் இல்லை" என்ற பழமொழியைச் சொல்லாமல் ஒருவரும் எழுந்து போவதில்லை. உன் கட்டத்தை உன்னைக் கேட்காமல் பொதுவில் வைப்பதற்கு என்னை மன்னித்துக்கொள். அப்பாவிடம் ஜோதிடம் படித்தவள் நான்; அரைகுறையாகச் சொல்லப்படும் பலனைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

நீ பிறந்தது 1981 பங்குனிக் கடைசி, விளக்கு வைக்கிற நேரம். அப்பாவின் குறிப்பேட்டில் மாலை 6.40 என்று இருக்கிறது. ஆஸ்பத்திரிச் சீட்டில் 6.20. இந்த இருபது நிமிடத்துக்குள்தான் கன்னி லக்னம் முடிந்து துலா லக்னம் பிறந்தது. 6.20 என்று எடுத்தால் மகரத்துக் கேது உனக்கு ஐந்தாம் இடம்; பிள்ளைகளும் மந்திரமும் பூர்வ புண்ணியமும் அங்கே. 6.40 என்றால் நான்காம் இடம். தாய், வீடு, மண், மனத்தின் நிம்மதி. நேரத்தில் சந்தேகம் வந்தால் நடந்ததை வைத்துத்தான் லக்னத்தை உறுதி செய்ய வேண்டும் என்பார் அப்பா. கேது தசை நடந்த இந்த ஏழு வருடத்தில் உன் பிள்ளைகளுக்கு ஒரு குறையும் வரவில்லை. போனதெல்லாம் வீடும் வீட்டைச் சேர்ந்தவையும்தான். அப்பாவின் கடிகாரமே சரி.

புனர்பூசம் நான்காம் பாதத்தில் பிறந்த உனக்குக் குரு தசை இருப்பு ஒன்றரை வருடமே. அதன் பிறகு சனிக்குப் பத்தொன்பதும் புதனுக்குப் பதினேழும் கழிந்து, 2018 ஐப்பசிக் கடைசியில் கேது வந்தான். அந்த வாரமே கீழப்பெரும்பள்ளம் போனோம். நாகநாதசுவாமியை வணங்கிக் கேதுவுக்குக் கொள்ளு படைத்துவிட்டுத் திரும்பும்போது, "ஏழு வருடமும் வயிற்றைக் கலக்குமா?" என்று கேட்டுச் சிரித்தாய். அப்போது நீ சிரிக்கிறவன்.

கேதுவுக்குச் சொந்த வீடு, தான் ஆளும் ராசி என்று ஒன்று, கிடையாது. இதை மறந்துவிட்டுப் பலன் சொல்கிறவர்களிடம்தான் எனக்குக் கோபம். சொந்த வீடு இல்லாத கிரகம் தான் நிற்கிற இடத்தைப் பற்றிக்கொள்ளும். அந்த வீட்டுக்கு அதிபதி எங்கே நிற்கிறான், யாருடைய நட்சத்திரத்தில் கேது நிற்கிறான், யார் பார்க்கிறார்கள் என்ற மூன்றையும் வைத்துத்தான் அவன் பேசுவான். கேது விடச் சொல்வான் என்பது எல்லோருக்கும் பொது. எதை விடுவது என்பதை அவன் நிற்கும் இடம் சொல்லும். விட்டது எங்கே போய்ச் சேரும் என்பதை வீடு கொடுத்தவன் சொல்வான்.

உனக்கு வீடு கொடுத்தவன் சனி. 1981-இல் சனியும் குருவும் சேர்ந்து கன்னியில் இருந்தார்கள், துலா லக்னத்துக்கு அது பன்னிரண்டாம் இடம். செலவு, தூரதேசம், தனிப்படுக்கை, மோட்சம் எல்லாம் அங்கேதான். நான்குக்கு உடையவன் பன்னிரண்டில் இருந்தால் வீட்டை விட்டு விலகிப்போய்த்தான் நிம்மதி காண வேண்டும் என்று பொருள். இதே மகரத்தில் கேது இருந்து, சனி மட்டும் பதினொன்றில் நின்றிருந்தால், பழைய வீட்டை விற்றுப் புதிய வீட்டை வாங்கியிருப்பாய். நமக்குள் இந்தக் கடிதமும் இருந்திருக்காது. நான்கில் கேது என்றதும் தாய்க்குக் கண்டம் என்று பயமுறுத்திய பெரியவரையும் உனக்கு நினைவிருக்கும். கேது நின்றது திருவோணத்தில். அதன் நாதன் சந்திரன், தாய்க்குக் காரகன், கடகத்தில் ஆட்சியாக இருந்து நேர் ஏழாம் பார்வையாக நான்காம் இடத்தைப் பார்க்கிறான். அதனால் அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. வீடு போனது, அம்மா இருக்கிறாள், என்னோடு இருக்கிறாள்.

தசை முழுவதும் ஒரே சீராக நடக்கவில்லை, தசைக்குள் ஒவ்வொரு கிரகத்துக்கும் ஒரு புத்திக் காலம் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். கேதுவின் சுயபுத்தியான முதல் ஐந்து மாதத்தில் வெளியே தெரிகிற மாதிரி எதுவும் நடக்கவில்லை. நீ பேச்சைக் குறைத்தாய், அவ்வளவுதான். அடுத்து வந்த சுக்கிர, சூரிய, சந்திர, செவ்வாய் புத்திகளில் வேலை பிடிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே வேலைக்குப் போனாய். 2021 ஐப்பசி வாக்கில் ராகு புத்தி தொடங்கியது. ராகு உனக்குப் பத்தாம் இடத்தில், பத்துக்குடைய சந்திரனோடு இருக்கிறான். கேதுவுக்கு நேர் எதிர். பத்தொன்பது வருட உத்தியோகத்தை ஒரு திங்கட்கிழமை காலையில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாய். திடீரென்று என்று எல்லோரும் சொன்னார்கள். கேது தசையில் முடிவுகள் திடீரென்று வருவதில்லை என்பது என் கணிப்பு. உள்ளே மூன்று வருடமாக அறுந்துகொண்டே வந்தது, ராகு புத்தி வந்ததும் வெளியே தெரிந்தது.

பிறகு குரு புத்தி. எழுதுவதற்கு எனக்குக் கையோடாத இடம் இதுதான். பன்னிரண்டில் இருக்கும் குருவின் ஐந்தாம் பார்வை மகரத்துக் கேதுவின் மேல் விழுகிறது. குரு பார்த்த கேது ஞானத்தைக் கொடுப்பான். நீ அருணாசலத்தைச் சுற்றத் தொடங்கியது அந்தப் பதினோரு மாதத்தில்தான், அதைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. கிரிவலம் முடித்து வந்த நாட்களில் உன் முகம் அப்பாவின் முகம் போல் இருந்தது. ஆனால் துலா லக்னத்துக்குக் குரு மூன்றுக்கும் ஆறுக்கும் உடையவன், அண்ணா. மூன்றாம் இடம் இளைய உடன்பிறப்பு, ஆறாம் இடம் கடனும் வழக்கும். உன்னை மலைக்கு அழைத்துப்போன அதே கிரகம்தான் உன் ஜாதகத்தில் நான். அந்த மாசி மாதம் கூடத்தில் நமக்குள் நடந்த பேச்சு என்ன என்பது வாசிக்கிறவர்களுக்கு வேண்டாம். பணத்தைப் பற்றிய பேச்சு என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

எல்லாவற்றையும் விட எனக்கு நினைவில் நிற்பது சனி புத்தியில் நீ வந்த அந்தப் பிற்பகல். 2024 ஆனி. அடுக்களை மேடையில் உன் சாவிக்கொத்தை வைத்து, வாசல் கதவுச் சாவியை வளையத்திலிருந்து கழற்றப் பார்த்தாய். வளையம் இறுகியிருந்தது. நகத்தால் நெம்பினாய், முடியவில்லை. காய் நறுக்குகிற கத்தியின் முனையை நுழைத்துப் பிரித்தாய். உன் கட்டைவிரல் நகம் பாதி வெள்ளையாகப் பிளந்து நின்றது. சாவியை அம்மாவின் மாத்திரை டப்பா பக்கத்தில் வைத்துவிட்டு, "இது இனிமேல் என் கையில் வேண்டாம், பாப்பா" என்றாய். சோறு வைக்கவா என்று கேட்டேன். மோர் மட்டும் போதும் என்றாய். அம்மா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப வேண்டாம் என்றாய். நீ குடித்த டம்ளரை நீயே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாய், சின்ன வயதில் அம்மா ஆயிரம் முறை சொல்லியும் ஒரு நாளும் செய்யாத வேலையை.

நான்குக்குடையவனின் புத்தியில் வீட்டுச் சாவி கைமாறுகிறது என்று எனக்கு அப்போதே தெரிந்தது. தெரிந்ததால் அழுகை வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். நீ தெருமுனை திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். இவனை யாரும் எதுவும் சொல்லக் கூடாது என்று நினைத்தேன். அதற்குள் அம்மா விழித்து, "அவன் வந்தானா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவளும் நானாகவே இருந்தது எனக்குப் பொறுக்கவில்லை. மோட்சகாரகன் ஒருவனுக்கு விடுதலை கொடுக்கிறான், சரி. அவன் விட்ட பாரம் ஆகாயத்தில் தொங்காது. அடுத்தவர் தோளில்தான் இறங்கும். ராத்திரி இரண்டு மணிக்கு அம்மாவைப் பிடித்துக் கழிவறைக்கு அழைத்துப்போகிறவளின் பலனை உன் கட்டத்தில் நான் எங்கே தேடுவது? மூன்றுக்குடையவன் பன்னிரண்டில், சனியோடு. அதுவும் அங்கேயே இருக்கிறது.

இப்போது எல்லோரும் கேட்பது, சுக்கிர தசை இருபது வருடம், லக்னாதிபதி தசை, அவன் திரும்பி வந்துவிடுவான் அல்லவா என்பதுதான். கேது எடுத்ததைச் சுக்கிரன் திருப்பிக் கொடுப்பான் என்று பொதுவாகச் சொல்வது வழக்கம். உன் சுக்கிரன் சூரியனோடு ஒட்டி, அதன் ஒளியில் பலம் இழந்து, அஸ்தங்கமாகி நிற்கிறான். லக்னத்துக்கு உடையவனே எட்டுக்கும் உடையவன். உடம்புக்கும் மனத்துக்கும் ஒரு தெளிவு வரும் என்று சொல்வேன், வீடு வாசலோடு திரும்பி வருவாய் என்று சொல்ல மாட்டேன். தசை மாறிய நாளிலேயே எல்லாம் மாறிவிடும் என்று எதிர்பார்க்கிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கையும் உண்டு: பிறந்த நேரத்தில் இருபது நிமிடம் பிசகினால் தசை இருப்பில் இரண்டரை மாதம் போல் பிசகும், பஞ்சாங்கம் வாக்கியமா திருக்கணிதமா என்பதைப் பொறுத்து இன்னும் கூடவே மாறும். முடிந்ததாக நான் சொல்கிற தசை உனக்குள் இன்னும் முடியாமல் இருக்கலாம்.

அம்மா அந்த வீட்டுக்குத் திரும்பப் போவதில்லை என்று அவளே சொல்லிவிட்டாள், நீ அதைக் கேட்டுச் செய்ய வேண்டியதில்லை. கிணற்றடிப் பவழமல்லியை வாங்குகிறவர் வெட்டுவார் என்று தெரிந்துதான் ஒப்புக்கொண்டேன். உன் பங்கை என்ன செய்வது என்பதை நீ முடிவு செய். உன் பிள்ளைகள் பெயருக்கு எழுத வேண்டும் என்பது என் எண்ணம். அதையாவது துறவு என்று சொல்லி விட்டுவிடாதே. பத்திரப் பதிவு தை மாதம் இரண்டாம் வாரத்தில் இருக்கும். நீ நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். பொது அதிகாரப் பத்திரம் போதாது என்று எழுத்தர் சொல்கிறார். ஆதார் அட்டை, பான் அட்டை, இரண்டு புகைப்படம் எடுத்து வா. ராத்திரி இங்கேயே தங்கலாம். அம்மா கேட்டால் நீ பதில் சொல்லிக்கொள்.

உன் தங்கை