வெபினார் தொடக்க உரை: தொகுப்பாளர்கள் கவனத்துக்கு

வணக்கம். புதிய தயாரிப்பின் அறிமுக வெபினாரைத் தொடங்கி வைப்பவர் மூன்று நிமிடத்துக்குள் பேசி முடித்துவிடுங்கள். எல்லாரும் வந்திருப்பது தயாரிப்பைப் பார்க்கத்தான்.

ரெக்கார்ட் பொத்தானை அழுத்தும் முன்பே இதைச் சொல்லுங்கள்: “இந்த நிகழ்ச்சியைப் பதிவு செய்யப்போகிறோம். கேள்வி கேட்பவரின் குரலும் பெயரும் அதில் வரலாம். வேண்டாம் என்பவர்கள் கேள்வியை எழுதி அனுப்புங்கள், பெயர் சொல்லாமல் வாசிக்கிறோம்.” அழுத்திய பிறகு அதையே ஒரு வரியில் மறுபடி சொன்னால், சொன்னதற்கான சான்றும் பதிவிலேயே இருக்கும்.

நிகழ்ச்சி நிரலை ஸ்லைடைப் பார்த்து வாசிக்க வேண்டாம். “முதல் 20 நிமிடம் செயல்விளக்கம், அப்புறம் விலை, கடைசி 15 நிமிடம் கேள்விகள்.” அவ்வளவு போதும். விலை எப்போது வரும் என்று சொல்லாவிட்டால் சாட்டில் அந்தக் கேள்விதான் ஓடிக்கொண்டிருக்கும்.

தாமதமாக வருபவர்களுக்காகக் காத்திருக்க வேண்டாம். நேரத்துக்கு வந்தவர்களுக்கு அது தண்டனை. ஆனால் பல தளங்களில் பிந்தி நுழைபவருக்கு முந்தைய சாட் செய்திகள் தெரியாது. அதனால் சாட்டைக் கவனிப்பவர் 5ஆவது, 10ஆவது நிமிடங்களில் நிரலையும் பதிவு அறிவிப்பையும் திரும்பப் போடுங்கள். கேள்வி நேரம் தொடங்கும்போது தொகுப்பாளரும் பதிவு நடப்பதை இன்னொரு முறை வாயால் சொல்லிவிடுங்கள்.