லேபிளில் 90 நாள் வேண்டாம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய முறுக்கு லேபிளைப் பார்த்தேன். பச்சைப் புள்ளி, 14 இலக்கப் பதிவு எண் எல்லாம் சரி. ஆனால் 90 நாள் வரை சாப்பிடலாம் என்று போட்டிருக்கிறாயே, அதை எடுத்துவிடு. பெரிய கம்பெனிக்காரர்கள் காற்றை வெளியேற்றி நைட்ரஜன் அடைக்கிறார்கள். நான் நீடாமங்கலத்து அடுப்படியில் கை மெஷினில் சீல் வைக்கிறவள்.

போன மாதம் புனேயிலிருந்து ஒருவர் போன் செய்தார். முறுக்கு மொறுமொறுவென்றுதான் இருக்கிறதாம், ஆனால் சிக்கு வாடை அடிக்கிறதாம். நமுத்திருந்தால் சூடு ஆறும் முன் கட்டினோம், இல்லை சீல் சரியில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். வாடை என்றால் எண்ணெய்தான். கவரில் இருந்த பேட்ச் எண்ணைக் கேட்டு நோட்டைப் புரட்டினேன். அன்று காலை புது எண்ணெயில் சுட்டது முதல் பேட்ச். மாலையில் அதே எண்ணெயை வடிகட்டி, மேலே கொஞ்சம் புதிது ஊற்றிச் சுட்டது இரண்டாவது. அவருக்குப் போனது இரண்டாவது. சூட்டில் ஏற்கெனவே கெடத் தொடங்கிய எண்ணெய் முறுக்குக்குள் போய்விட்டால் காறுவதற்கு அதிக நாள் ஆகாது.

நல்லவேளை, இரண்டுக்கும் தனி எண் போட்டிருந்தேன். தேதியை மட்டும் எழுதியிருந்தால் காலைச் சரக்கையும் சேர்த்துக் கொட்டியிருக்க வேண்டும். மாலைப் பேட்சில் 26 பாக்கெட். 4 மாதிரிக்கு வைத்தது, 9 அலமாரியில் இருந்தது, மீதி 13 பேருக்கும் நானே போன் செய்தேன். அப்பா சிரித்தார், சிரிக்கட்டும்.

மாதிரிகளை 15, 30, 40, 50ஆம் நாளில் பிரிப்பது என்று வைத்திருக்கிறேன். புகார் வந்தது 24ஆம் நாள். உடனே மாலைப் பேட்சில் ஒன்றைப் பிரித்தேன், அதிலும் அதே வாடை. காலைப் பேட்ச் 40 நாள் வரை தாங்கியது, 50இல் காறிவிட்டது. வாங்குகிறவர் வீட்டில் அது ஜன்னலோரமும் இருக்கலாம், அடுப்புக்குப் பக்கத்திலும் இருக்கலாம். அதனால் 30 நாள் என்று போடு. ஒருமுறை சுட்ட எண்ணெயில் இனி விற்பனைக்குச் சுடுவதில்லை.

ஆன்லைனில் வாங்குகிறவர் கைக்குச் சேரும்போது ஆயுளில் 30 சதவீதமாவது மிச்சம் இருக்க வேண்டும் என்று நீதானே சொன்னாய். முப்பதில் அது 9 நாள். கூரியருக்கு 5 நாள் போனால், சுட்ட 16 நாளுக்குள் இங்கிருந்து கிளம்பியாக வேண்டும். ஆர்டர் வந்தபிறகு சுடுவோம், குவிக்க வேண்டாம்.

அப்புறம், இந்தத் தடவை மாவில் வெண்ணெய் சேர்த்திருக்கிறேன். பொருட்கள் பட்டியலில் அதைச் சேர்த்து, 'பால் உள்ளது' என்றும் போடு. செக்குக் கடலெண்ணெய் என்பதால் நிலக்கடலையையும் எழுது. தயாரித்த தேதி என்பது நான் சுட்ட நாள், நீ ஸ்டிக்கர் அடிக்கும் நாள் இல்லை.

ஐப்பசி மழை விடவில்லை. அரிசி மாவு காயவே மாட்டேன் என்கிறது, வறுத்துத்தான் எடுக்கிறேன். வியாழக்கிழமைக்குள் திருத்திய லேபிளை அனுப்பு.

அன்புடன்,
அம்மா